24 வீடுகளின் மின்சுமைக் கணக்கு: ஒரே தள்ளுபடியை இரண்டு முறை போட்ட கதை

எங்கள் குடியிருப்பில் மொத்தம் 24 வீடுகள். வாகன நிறுத்தத்தில் 8 மின்கார் சார்ஜர் வைக்கலாமா என்று சங்கத்தில் கேட்டார்கள், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு "தாராளமாக" என்று சொன்னவன் நான்தான். அது தப்பு என்று ஒரு மாதம் கழித்துத் தெரிந்தது. எந்த இடத்தில் வழுக்கினேன் என்பதைக் காட்டவே இந்தப் பதிவு. வாட், ஆம்பியர், மூன்று ஃபேஸ் எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். வோல்டேஜ் 230/400.

படி 1: ஒரு வீட்டில் என்னென்ன இருக்கிறது

வீட்டிலுள்ள எல்லாவற்றின் கிலோவாட்டையும் கூட்டினால் வருவது கனெக்டட் லோடு. எங்களில் சராசரியான ஒரு வீட்டுக்கு நான் எழுதியது இது: விளக்கு, மின்விசிறி 1, பொது பிளக்குகள் 2.5, ஃபிரிட்ஜ் 0.3, வாஷிங் மெஷின் 2, இரண்டு வாட்டர் ஹீட்டர் சேர்ந்து 4, இரண்டு ஏசி சேர்ந்து 3, இண்டக்‌ஷன் அடுப்பும் ஓவனும் 3.2. ஆக 16 கிலோவாட். 24 வீட்டுக்கு 384.

இந்த 384-ஐப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். இதை அப்படியே வைத்து ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்க யாரும் போவதில்லை.

படி 2: ஒரு வீட்டுக்குள் போடும் டிமாண்ட் ஃபேக்டர்

இரண்டு ஹீட்டர், இரண்டு ஏசி, அடுப்பு, வாஷிங் மெஷின் எல்லாம் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடும் வீடு அரிது. அதனால் ஒவ்வொரு வரியிலும் நியாயமாக எவ்வளவு ஓடும் என்று எழுதினேன். விளக்கு 0.6, பிளக் 0.7, ஃபிரிட்ஜ் 0.3, வாஷிங் மெஷின் 1, ஹீட்டர் ஒன்று மட்டும் 2, ஏசி ஒன்று மட்டும் 1.5, அடுப்பும் ஓவனும் 1.9. கூட்டினால் 8 கிலோவாட் வருகிறது. 8-ஐ 16-ஆல் வகுத்தால் 0.5, அதுதான் இந்த வீட்டின் டிமாண்ட் ஃபேக்டர். உச்சத் தேவையைக் கனெக்டட் லோடால் வகுத்தால் கிடைப்பது, ஒன்றைத் தாண்டாது.

படி 3: வீடுகளுக்கு இடையே (நான் விழுந்த இடம்)

ஒவ்வொரு வீடும் தன் 8 கிலோவாட்டைத் தொடும், ஆனால் ஒரே நிமிடத்தில் 24 வீடும் தொடாது. ஒருவர் குளிக்கும்போது இன்னொருவர் தூங்கிக்கொண்டிருப்பார். இதைக் கணக்கில் கொண்டுவரத்தான் டைவர்சிட்டி. பெயரிலேயே ஒரு குழப்பம் உண்டு: தனித்தனி உச்சங்களின் கூட்டுத்தொகையை மொத்த உச்சத்தால் வகுத்தால் டைவர்சிட்டி ஃபேக்டர், அது ஒன்றுக்கு மேல் வரும். அதைத் தலைகீழாக்கினால் கோயின்சிடன்ஸ் ஃபேக்டர், அது ஒன்றுக்குக் கீழே. பல அட்டவணைகளில் இரண்டையும் "டைவர்சிட்டி" என்றே போட்டுவிடுகிறார்கள். பெருக்குவதா வகுப்பதா என்ற சந்தேகம் வந்தால் எண் ஒன்றுக்கு மேலா கீழா என்று பாருங்கள், போதும்.

சரி, என் தப்புக்கு வருகிறேன். என் கையில் இரண்டு அட்டவணைகள் இருந்தன. அமெரிக்காவின் மின்விதித் தொகுப்பான என்.இ.சி.யின் விதி 220.84-இல் 24 வீட்டுக்கு 35 சதவீதம். பிரான்ஸ் வழியில் புழங்கும் அட்டவணையில் 20 முதல் 24 வீடு வரை 0.49. இரண்டும் ஒரே விஷயத்துக்கான எண்கள் என்றும், ஒன்று தாராளம், மற்றது கஞ்சத்தனம் என்றும் நினைத்தேன். 35 சதவீதத்தை எடுத்து 24 × 8 = 192-ஓடு பெருக்கினேன். 67 கிலோவாட் வந்தது. அடடா எவ்வளவு குறைவு என்று சந்தோஷப்பட்டேன் வேறு.

அந்த 35 சதவீதம் பெருக்க வேண்டியது கனெக்டட் லோடோடு. வீட்டுக்குள்ளே இருக்கும் தள்ளுபடியும் வீடுகளுக்கு இடையே இருக்கும் தள்ளுபடியும் அதற்குள் ஏற்கெனவே அடங்கியிருக்கின்றன. அதோடு, சமையல் மின்சாரத்தில் நடக்க வேண்டும், ஏசியோ மின் சூடேற்றமோ இருக்க வேண்டும் என்று நிபந்தனைகளும் அந்த விதியில் உண்டு. பிரெஞ்சு 0.49 அப்படி இல்லை. அது ஒவ்வொரு வீட்டுக்கும் ஒதுக்கிய உச்சத் தேவையோடு, அதாவது என் 8-ஓடு, பெருக்க வேண்டியது. நான் படி 2-இல் பாதியாகக் குறைத்துவிட்டு, அதே குறைப்பை உள்ளே வைத்திருக்கும் எண்ணால் மறுபடியும் குறைத்திருக்கிறேன்.

சரியாகப் போட்டால் 192 × 0.49 = 94 கிலோவாட். 384 × 0.35 போட்டால் 134. என்.இ.சி.யில் கனெக்டட் லோடைக் கணக்கிடும் முறையே வேறு என்பதால் இந்த இரண்டும் ஒத்துப்போக வேண்டியதில்லை, ஆனால் 67 என்பது எந்த வழியிலும் வராது. ஆகவே எந்த ஃபேக்டரைத் தொட்டாலும் "இதை எதோடு பெருக்கச் சொல்கிறார்கள்?" என்ற வரியை முதலில் தேடிப் படியுங்கள். எண்ணைப் பிறகு பார்க்கலாம். உங்கள் ஊர் மின்விதி எந்த அட்டவணையைச் சொல்கிறதோ அதையே எடுங்கள், ஆனால் ஒரே வழியில் கடைசி வரை போங்கள்.

படி 4: பொதுச் சுமை

இங்கே வீட்டு ஃபேக்டரைக் கொண்டுவராதீர்கள். நடைபாதை, படிக்கட்டு விளக்குகள் 4 கிலோவாட், ராத்திரி முழுக்க எல்லாம் எரியும், அதனால் முழுசாக 4. தண்ணீர் மோட்டார் இரண்டு இருந்தாலும் ஒன்று மாற்றுக்குத்தான், ஆகவே 3.7. கழிவுநீர் ப்ளோயர் 2.2. லிஃப்ட் இரண்டும் தலா 7.5, முதல் லிஃப்ட் முழுசாக, இரண்டாவது முக்கால், ஆக 13.1. மொத்தம் 23 கிலோவாட்.

தீயணைப்பு பம்ப் 22 கிலோவாட், அதற்கு எந்தத் தள்ளுபடியும் கிடையாது. எங்களுக்கு அது மெயின் பிரேக்கருக்கு முன்னாலேயே தனியாகப் பிரிந்து போகிறது, அதனால் மெயின் கேபிள் கணக்கில் வராது, ட்ரான்ஸ்ஃபார்மர் கணக்கில் வரும்.

படி 5: ஆம்பியராக மாற்றுதல்

94 + 23 = 117 கிலோவாட். பவர் ஃபேக்டர் 0.9 வைத்தால் 130 கேவிஏ.

```
=ROUND(24*8*0.49 + 23, 0)
=117/0.9
=130*1000/(1.732*400)
```

கடைசி வரி 188 ஆம்பியர் தரும். இணையத்தில் கிடைக்கும் ரெடிமேட் கால்குலேட்டர்களை நான் தொடுவதில்லை, எந்த ஃபேக்டரை எதோடு பெருக்கினார்கள் என்பது வெளியே தெரியாது. சாதாரண விரிதாள் போதும், ஒரு வரிக்கு ஒரு கருவி, ஃபேக்டருக்குத் தனி நெடுவரிசை, அந்த ஃபேக்டர் எங்கிருந்து வந்தது என்பதற்கு இன்னொரு நெடுவரிசை. மூன்றாவது நெடுவரிசை அன்றே இருந்திருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது.

படி 6: மிச்சம் எவ்வளவு

இரண்டாவது தப்பு இங்கே. மெயின் பிரேக்கர் மேல் 250 என்று எழுதியிருந்தது, அதையே எல்லையாக எடுத்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் எத்தனை ஆம்பியரில் துண்டிக்க வேண்டும் என்று வைக்கும் திருகு 0.9-இல் இருக்கிறது, அப்படியென்றால் 225 ஆம்பியர். ஏன் குறைத்து வைத்தார்கள் என்று தேடியதில் காரணம் கேபிள்: கேட்டலாக்கில் 290 ஆம்பியர், ஆனால் மற்ற கேபிள்களோடு நெருக்கமாக ஒரே பள்ளத்தில் போவதால் 0.8-ஆல் பெருக்க வேண்டும், 232 தான் தாங்கும். திருகை 250-க்கு ஏற்றினால் பிரேக்கர் சும்மா இருக்க, கேபிள் சூடாகும். ட்ரான்ஸ்ஃபார்மர் 200 கேவிஏ, தீயணைப்பு பம்பையும் சேர்த்தால் சுமார் 154, அங்கே இடமிருக்கிறது. ஆனால் சங்கிலியில் இளைத்த கண்ணி 225.

ஆக மிச்சம் 225 − 188 = 37 ஆம்பியர். என் பழைய கணக்கில் 67 + 23 = 90 கிலோவாட், 144 ஆம்பியர், 250-இல் கழித்தால் 106 மிச்சம். 7.4 கிலோவாட் சார்ஜர் எட்டுக்கு மூன்று ஃபேஸிலும் பிரித்தால் ஃபேஸுக்குச் சராசரியாக 85 ஆம்பியர் வேண்டும். 106-இல் தாராளமாக அடங்கும், 37-இல் அடங்காது. ராத்திரி எட்டுக் காரும் ஒன்றாகத்தான் நிற்கும் என்பதால் சார்ஜருக்கு டைவர்சிட்டியும் போட முடியாது. உண்மையில் அடங்குவது மூன்று, ஃபேஸுக்கு ஒன்றாக, தலா 32 ஆம்பியர்.

படி 7: அளந்து பாருங்கள்

கட்டிடத்தில் ஆட்கள் ஏற்கெனவே குடியிருந்தால் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு நாள் சாயங்காலம் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்காது, உச்சம் நீங்கள் நிற்கும் நேரத்தில்தான் வரும் என்று என்ன நிச்சயம்? மின்னோட்டத்தைத் தானே பதிந்துவைக்கும் ஒரு லாகரை வாடகைக்கு எடுத்து மெயினில் 30 நாள் மாட்டினோம், 15 நிமிடத்துக்கு ஒரு பதிவு. என்.இ.சி. 220.87 சொல்வதும் இதுதான்: ஒரு வருடப் பதிவு இல்லையென்றால் 30 நாள் அளந்து, உச்சத்தை 1.25-ஆல் பெருக்கிக்கொள். ஏசியும் ஹீட்டரும் அதிகம் ஓடும் பருவத்தில் மாட்டுங்கள்.

எங்கள் உச்சங்கள் 138, 163, 121 ஆம்பியர். நடு ஃபேஸுக்கு 163 × 1.25 = 204, அங்கே மிச்சம் வெறும் 21, ஒரு சார்ஜர்கூட வைக்க முடியாது! சராசரி 141 என்று எழுதியிருந்தால் இது கண்ணில் படாது. நடு ஃபேஸிலிருந்து வீடுகளை மூன்றாவதுக்கு மாற்றச் சொன்னோம், உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் ஒரு காலையில் முடித்தார். மறுபடி அளந்தபோது 139, 145, 138. இப்போது மோசமான ஃபேஸில் 145 × 1.25 = 181, மிச்சம் 44. சார்ஜர் மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாமல் ஓடும் சுமை என்பதால் அதன் 32-ஐயும் 1.25-ஆல் பெருக்கி 40 என்று எடுத்தேன். அடங்குகிறது.

பிறகு சேர்த்தது: "ஆறு ஆறு வீட்டுக்கு, மாடிக்கு ஏறும் கேபிளான ரைசர் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் 37 கிலோவாட் வருகிறது, நான்கைக் கூட்டினால் 150, ஆனால் மெயினில் நீங்கள் 94 என்கிறீர்களே" என்று ஒருவர் கேட்டிருந்தார். இரண்டுமே சரி. ஆறு வீட்டுக்கு ஃபேக்டர் 0.78, ஏனென்றால் வீடுகள் குறையக் குறைய எல்லோரும் ஒன்றாக உச்சத்தைத் தொடும் வாய்ப்பு கூடும். ரைசர் கேபிளை 37-க்குத் தேர்ந்தெடுங்கள், மெயினை 94-க்கு. கீழே உள்ள உச்சங்களைக் கூட்டி மேலே கொண்டுபோகக் கூடாது, ஒவ்வொரு இடத்திலும் அதற்குக் கீழே உள்ள வீடுகளை எண்ணி, மறுபடி 8-இலிருந்து தொடங்க வேண்டும்.

இன்னொன்று: நாலாவது சார்ஜர் கேட்டு மூன்று வீடுகள் வரிசையில் நிற்கின்றன. மெயின் மின்னோட்டத்தைப் பார்த்துச் சார்ஜர்களின் வேகத்தைத் தானே குறைக்கும் கன்ட்ரோலர் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மூன்று ஃபேஸையும் தனித்தனியாகப் பார்க்கும் மாடல்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன், கூட்டுத்தொகையை மட்டும் பார்ப்பது எங்கள் நடு ஃபேஸுக்கு உதவாது.