கால் குட்டை என்றதும் செருப்பை உயர்த்திவிடாதீர்கள்

மல்லாந்து படுக்கவைத்து, இரண்டு குதிகால்களையும் ஒட்டிவைத்துப் பார்த்து, ஒன்று மேலே நிற்பதைக் கண்டதும் "கால் குட்டை" என்று முடிவுகட்டுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. இடுப்பெலும்பு ஒரு பக்கம் மேலேறியிருந்தால், எலும்புகள் சம நீளமாக இருந்தாலும் அந்தப் பக்கத்துக் கால் குட்டையாகத்தான் தெரியும். பெரியவர்களிடம் இது சாதாரணம். தேய்ந்துபோன இடுப்பு மூட்டில் தொடை உள்பக்கமாக இறுகிப்போகும். கால்களை நேராக வைக்க வேண்டுமென்றால் அந்தப் பக்க இடுப்பு மேலே ஏறியே ஆக வேண்டும். முதுகெலும்பு வளைந்திருந்தாலும், இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்த முதல் சில மாதங்களிலும் இப்படி நேரும். இங்கே தேவை தசையைத் தளர்த்தும் பயிற்சி. அதைச் செய்யாமல், குட்டையாகத் தெரியும் காலின் செருப்பை உயரமாக்கினால், சாய்ந்த இடுப்பு அந்தச் சாய்விலேயே பழகிவிடும்.

உண்மையான குட்டையை எப்படி அறிவது? இடுப்பின் முன்பக்கம் விரலுக்குத் தட்டுப்படும் எலும்பு முனையிலிருந்து கணுக்காலின் உள்பக்க எலும்பு வரை இரு கால்களையும் ஒரே நிலையில் வைத்து டேப்பால் அளக்க வேண்டும். பிறகு வெறுங்காலில், முழங்கால் மடங்காமல் நிற்கவைத்து, குட்டைக் காலின் கீழே மெல்லிய பலகைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். இடுப்பு எந்த உயரத்தில் மட்டமாகிறதோ, அதுதான் வித்தியாசம். டேப் அளவு சில மில்லிமீட்டர் பிசகக்கூடியது. அறுவை சிகிச்சை பற்றி யோசிக்கும் நிலை வந்தால், நின்றபடி எடுக்கும் முழுக்கால் எக்ஸ்ரே வேண்டும்.

குழந்தைகளிடம் நேரும் தவறு வேறு வகை. இன்று அளந்த வித்தியாசமே கடைசி வரை இருக்கும் என்று பெற்றோர் நம்பிவிடுகிறார்கள். எலும்பு நீளக் காரணம், அதன் முனைக்கருகே உள்ள வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்புப் படலம். முழங்காலுக்கு மேலுள்ள தொடை எலும்பின் வளர்ச்சித் தட்டு ஆண்டுக்குச் சுமார் 9 மி.மீ. வளர்க்கிறது, முழங்காலுக்குக் கீழுள்ள தட்டு சுமார் 6 மி.மீ. பெண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 14 வயதிலும் ஆண் குழந்தைகளுக்கு 16 வயதிலும் இந்த வளர்ச்சி நிற்கிறது.

ஒரு 10 வயதுச் சிறுமியை எடுத்துக்கொள்வோம். முன்பு விழுந்ததில் தொடை எலும்பின் கீழ்த் தட்டு சேதமாகி முழுவதும் மூடிக்கொண்டது, அங்கே வளர்ச்சி நின்றுவிட்டது. இப்போது வித்தியாசம் 8 மி.மீ.தான், நடையில் ஒன்றும் தெரியவில்லை. இன்னும் 4 ஆண்டு வளர்ச்சி மீதி. 4 × 9 = 36 மி.மீ. கூடினால், கடைசியில் 4.4 செ.மீ. குட்டை! செருப்பில் 8 மி.மீ. வைத்து நிம்மதியாக இருந்துவிட்டால், மற்றக் காலின் வளர்ச்சியை உரிய நேரத்தில் நிறுத்திச் சமப்படுத்தும் எளிய அறுவை சிகிச்சைக்கான காலம் நழுவிவிடும். அதன்பின் எலும்பை நீட்டும் நெடிய சிகிச்சைதான் மிஞ்சும். இந்தக் கணக்கைப் பிறந்த தேதியை வைத்துப் போடக்கூடாது. கை எக்ஸ்ரேயில் தெரியும் எலும்பு வயதை வைத்து, 4 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை அளந்து திருத்திக்கொள்ள வேண்டும். தட்டின் ஒரு பகுதி மட்டும் மூடியிருந்தால் கால் வளையவும் செய்யும்.

எல்லாக் காரணங்களும் இப்படி வளர்ந்துகொண்டே போவதில்லை. தொடை எலும்பின் நடுப்பகுதி சிறு வயதில் முறிந்து கூடினால், முறிந்த கால் சுமார் 1 செ.மீ. கூடுதலாக வளரலாம், பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்குள் அது அடங்கிவிடும். பச்சிளம் பருவத்தில் மூட்டில் சீழ் பிடித்தது, பிறவியிலேயே விலகிய இடுப்பு மூட்டு ஆகியவையும் கால் நீள வித்தியாசத்துக்குக் காரணங்கள். காரணமே இல்லாமல் ஒரு பக்கம் முழுவதும் பெரிதாக இருந்தால், வயிற்று ஸ்கேன் அவசியமா என்று குழந்தை மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். அத்தகைய குழந்தைகள் சிலருக்குச் சிறுநீரகக் கட்டி வருவதுண்டு.

செருப்பு உயர்வு உதவுவது உண்மையான குட்டைக்கு. 2 செ.மீ.க்குக் குறைவாக இருந்து, வலியும் இல்லையென்றால் பெரும்பாலும் எதுவும் தேவையில்லை. வைக்க நேர்ந்தால், ஷூவுக்குள் 1 செ.மீ. வரைதான் இடமிருக்கும், அதற்கு மேல் அடிப்பாகத்தில்தான் சேர்க்க வேண்டும். குதிகாலை மட்டும் அதிகம் உயர்த்தினால் பாதம் கீழ்நோக்கியே நின்று கெண்டைத்தசை சுருங்கும். அதனால் முன்பாதமும் சேர்ந்து உயர வேண்டும்.

முழு வித்தியாசத்தையும் ஒரே நாளில் ஈடுசெய்வதும் தவறு. பல ஆண்டுகளாகக் குட்டைக்கு ஒத்துப்போன முதுகு திடீர் மாற்றத்தில் வலிக்கும். பாதியில் தொடங்கி, சில வாரங்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் கூட்டி, சற்றுக் குறைவாகவே நிறுத்துவது நல்லது. போலியோ போன்றவற்றால் தசை வலுவிழந்து பாதத்தைத் தூக்க முடியாதவருக்கும், முழங்கால் மடங்காதவருக்கும் அந்தக் கால் ஏறத்தாழ 1 செ.மீ. குட்டையாக இருப்பதே வசதி. அதையும் சமப்படுத்திவிட்டால், அடியெடுத்து வைக்கும்போது பாதம் தரையில் தட்டி விழ நேரும்.