போட்டோவில் வந்த வினாத்தாளில் எச்சமும் புணர்ச்சியும்: படிப்படியாகச் செய்து பார்ப்போம்

துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கத்துப் பிள்ளைகள் கிளிநொச்சிக்கு வகுப்புக்கு வந்து போவது எல்லா நாளும் நடக்கிற காரியம் இல்லை. அதனால் தவணைப் பரீட்சைத் தாளையும் கடந்தகால வினாத்தாளையும் போனில் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பி, "சேர் இது பெயரெச்சமா வினையெச்சமா?", "இதில் க் வருமா வராதா?" என்று கேட்பார்கள். அப்படி வரும் கேள்விகளில் அடிக்கடி பிழைக்கிற ஒரு பகுதியை மட்டும் இங்கே எடுக்கிறேன். எச்சத்துக்குப் பின்னால் க், ச், த், ப் எப்போது மிகும், எப்போது மிகாது என்பதுதான் அது. எச்சத்தின் வகையும் புணர்ச்சியும் இந்த இடத்தில் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால், ஒன்றைப் பிழையாக எடுத்தால் மற்றதும் பிழைத்துவிடும்.

முதலாவது படி: படத்தை வாசித்துக் கையால் எழுதுங்கள்

விடை தேட முன்னர், கேள்வியைப் பெரிதாக்கிப் பார்த்துக் கொப்பியில் எழுதுங்கள். இதை விட்டுவிட்டு நேரே விடைக்குப் போகிறவர்கள்தான் அதிகம் பிழை விடுகிறார்கள். மங்கிய படத்தில் மூன்று இடங்கள் ஏமாற்றும்.

முதலாவது, மெய்யெழுத்தின் புள்ளி. போட்டோக்கொப்பி எடுத்த தாளில் அது மறைந்தும் போகும். தாளில் இருந்த கறுப்புப் பொட்டு புள்ளிபோலத் தெரிந்து, இல்லாத ஒற்றை உண்டாக்கியும் விடும். இரண்டாவது, சொல்லுக்குக் கீழே கிழித்த கோடு. அந்தக் கோடு எழுத்தின் அடிப்பகுதியோடு ஒட்டினால் "த" எது, "து" எது என்று தெரியாது. மூன்றாவது, "க்க" என்பதும் "த்த" என்பதும் சிறிய அச்சில் ஒன்றுபோலவே இருக்கும்.

சந்தேகமான எழுத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். பிறகு அதே தாளில் ஐயமில்லாமல் வாசிக்கக்கூடிய "க்க" ஒன்றைத் தேடிப் பிடித்து, வட்டமிட்டதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அச்செழுத்து ஒரே மாதிரி இருப்பதால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும். போனின் படத்திருத்தத்தில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்ப்பதும் உதவும். அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தாளைச் சுருக்கமில்லாமல் விரித்து, உங்கள் நிழல் விழாமல், யன்னல் பக்கத்து வெளிச்சத்தில் எடுங்கள். சாதாரணப் படமாக அனுப்பினால் வட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். டொக்கியுமென்ட்டாக அனுப்பினால் எடுத்தபடியே வந்து சேரும்.

இரண்டாவது படி: எச்சம் எதைக்கொண்டு முடிகிறது?

பெயரைக்கொண்டு முடிவது பெயரெச்சம். வினையைக்கொண்டு முடிவது வினையெச்சம். இது எல்லாருக்கும் பாடம். ஆனால் "கொண்டு முடிவது" என்பதைப் பலர் "அடுத்ததாக நிற்பது" என்று எடுத்துக்கொள்கிறார்கள். அங்கேதான் சறுக்குகிறது. இந்த மூன்று வாக்கியங்களையும் பாருங்கள்.

அப்பா விதைத்த காணியில் மயில்கள் இறங்கின.
அப்பா விதைக்கக் காணியைத் துப்புரவாக்கினார்.
அப்பா விதைத்துக் காணியைச் சுற்றி வேலி அடைத்தார்.

மூன்றிலும் எச்சத்துக்கு அடுத்து நிற்பது "காணி" என்ற பெயர்தான். ஆனாலும் பெயரெச்சம் முதல் வாக்கியத்தில் மட்டுமே இருக்கிறது. கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: "எந்தக் காணி?" விதைத்த காணி. சரியாகப் பொருந்துகிறது, ஆகவே பெயரெச்சம். இரண்டாவதில் "எந்தக் காணி?" என்று கேட்டால் "விதைக்க காணி" என்று பதில் சொல்ல முடியாது. "எதற்காகத் துப்புரவாக்கினார்?" என்று கேட்டால்தான் "விதைக்க" என்ற பதில் வரும். மூன்றாவதில் "என்ன செய்துவிட்டு வேலி அடைத்தார்?" என்றால் "விதைத்து". இரண்டும் வினையைத் தேடிப் போகின்றன, இரண்டும் வினையெச்சங்கள். எச்சத்துக்கும் அதை முடிக்கும் வினைக்கும் நடுவே வேறு சொற்கள் வந்து நிற்பதை இலக்கணம் இடைப்பிறவரல் என்று சொல்லி ஏற்றுக்கொள்கிறது.

விடை எழுதும்போது வகையை மட்டும் எழுதாமல் முடிக்கும் சொல்லையும் காட்டுங்கள்: "விதைக்க என்பது வினையெச்சம், துப்புரவாக்கினார் என்னும் வினைகொண்டு முடிந்தது." இப்படி எழுதிப் பழகினால் அடுத்து நிற்கும் சொல்லைப் பார்த்து ஏமாறவே மாட்டீர்கள்.

"நல்ல", "பெரிய" போன்றவை காலம் காட்டாத பெயரெச்சங்கள், அதாவது குறிப்புப் பெயரெச்சங்கள். அவற்றுக்கும் அதே கேள்விதான். "நெல் விளையும் வயல்" என்பதில் "விளையும்" பெயரெச்சம். "இந்த வயலில் நெல் விளையும்" என்று வாக்கியம் முடிந்துவிட்டால் அதே சொல் வினைமுற்று. சொல் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

மூன்றாவது படி: ஒற்று மிகுமா?

இப்போது மேலே உள்ள மூன்று வாக்கியங்களுக்குத் திரும்பிப் போய் க் எங்கே வந்திருக்கிறது என்று பாருங்கள். "விதைத்த காணி" என்பதில் இல்லை. "விதைக்கக் காணி", "விதைத்துக் காணி" என்ற இரண்டிலும் இருக்கிறது. காரணம் இதுதான்.

பெயரெச்சத்துக்குப் பின் வல்லினம் மிகாது. விதைத்த காணி, விதைக்கின்ற காணி, விதைக்காத காணி, பெரிய குளம் எல்லாம் இயல்பாகவே நிற்கும்.

வினையெச்சத்தில் ஈற்றைப் பார்க்க வேண்டும். "அ" என்று முடிந்தால் மிகும்: உழப் போனார், வரச் சொன்னார். "இ" என்று முடிந்தால் மிகும்: ஓடிப் போனான், தேடிக் கண்டான். "ய்" என்று முடிந்தாலும் மிகும்: போய்ச் சேர்ந்தார்.

"உ" என்று முடிவதில்தான் நிதானம் வேண்டும். கடைசி எழுத்துக்கு முந்திய எழுத்தைப் பாருங்கள். அது க், ட், த், ற் என்று வல்லின மெய்யாக இருந்தால் அந்தச் சொல் வன்றொடர்க் குற்றியலுகரம், ஒற்று மிகும். விதைத்துப் பார்த்தார், நட்டுப் போனார், விற்றுத் தீர்த்தார். வேறு எதுவாக இருந்தாலும் மிகாது. வந்து போனார், சென்று பார்த்தார், செய்து கொடுத்தார், உழுது போட்டார். "வந்துப் போனார்", "செய்துக் கொடுத்தார்" என்று எழுதிய விடைகள் எவ்வளவோ வருகின்றன. வினையெச்சம் என்றால் மிகும் என்று ஒரே வரியாக மனப்பாடம் பண்ணினால் வருகிற பிழை இது.

"ஆமல்" என்று முடியும் எதிர்மறை வினையெச்சத்திலும் மிகாது: சொல்லாமல் போனார். எச்சத்துக்குப் பின் காற்புள்ளி போட்டு நிறுத்தியிருந்தால், மிகவேண்டிய இடத்திலும் ஒற்றை எழுதுவதில்லை. அதனால் படத்தில் காற்புள்ளி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயரெச்சத்தில் ஒன்று விலகி நிற்கிறது. "விதையாத காணி" என்பதில் கடைசித் "த" கெட்டால் "விதையா" என்று ஆகும். இது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். இதற்குப் பின் மட்டும் ஒற்று மிகும்: விதையாக் காணி, அழியாப் புகழ். பரீட்சைத் தாள் தயாரிப்பவர்களுக்கு இது மிகவும் விருப்பமான இடம்.

நான்காவது படி: மங்கிய சொல்லை மீட்டெடுப்பது

இனி, படத்தில் "விதைத்_ காணி" என்று வந்து, கடைசி எழுத்து கோட்டில் மறைந்து, "த" எது "து" எது என்று தெரியவில்லை என்று வைப்போம். இடையில் க் தெரிகிறதா? தெரிந்தால் "விதைத்துக் காணி". தெரியாவிட்டால் "விதைத்த காணி". ஆனால் புள்ளியே நம்பமுடியாத பொருள் என்று முதலிலேயே சொன்னேன். ஆகவே வாக்கியத்தின் கடைசி வினைக்குப் போய் உறுதிப்படுத்துங்கள். "அப்பா ... காணியில் மயில்கள் இறங்கின" என்றிருந்தால் இறங்கியவை மயில்கள், விதைத்தவர் அப்பா. "விதைத்து" போன்ற வினையெச்சமும் அதை முடிக்கும் வினையும் ஒரே எழுவாய்க்கு உரியவையாக இருக்க வேண்டும். இங்கே செய்தவர்கள் வெவ்வேறு என்பதால் "விதைத்து" பொருந்தாது. "விதைத்த" தான் சரி.

இந்தச் சோதனை எப்போதும் வேண்டும் என்பதற்கு "உழுது" நல்ல உதாரணம். "உழுத காணி", "உழுது காணியை மட்டப்படுத்தினார்" இரண்டிலும் க் வராது. ஒற்று இல்லை என்பதை மட்டும் வைத்துப் பெயரெச்சம் என்று முடிவு கட்டினால் இந்த இடத்தில் பிழைத்துப்போகும். ஒற்று துணைச்சாட்சி மட்டுமே.

ஐந்தாவது படி: பிரித்தெழுதும்போது

"விதைக்கப்போனார்" என்பதைப் பிரித்தால் விதைக்க + போனார். "விதைக்கப் + போனார்" என்று எழுதக்கூடாது. அந்த ப் புணர்ச்சியில் தோன்றியது. பிரிக்கும்போது அது போய்விட வேண்டும். முல்லைத்தீவு என்ற பெயரிலும் இப்படித்தான்: முல்லை + தீவு, த் தோன்றல்.

"விதைத்திருந்தார்" என்பது விதைத்து + இருந்தார். உயிரெழுத்து வந்ததால் உகரம் கெட்டது; பிரிக்கும்போது அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

"போயிருந்தார்" கவனமாகப் பார்க்க வேண்டியது. "மணியடித்தது" என்பதில் உள்ள ய் உடம்படுமெய். பிரித்தால் மணி + அடித்தது என்று அது மறையும். அதே பழக்கத்தில் "போ + இருந்தார்" என்று எழுதுகிறார்கள். இங்கே எச்சம் "போய்". ய் அந்தச் சொல்லுக்கே உரியது. விடை போய் + இருந்தார்.

செய்து பார்க்க நான்கு

ஒற்று மிகுமா, என்ன வகை என்று முதலில் நீங்களே எழுதிப் பாருங்கள்: ஓடாத + பஸ், கேட்டு + சொன்னாள், தின்று + தீர்த்தது, குடி + தண்ணீர்.

ஓடாத பஸ்: எதிர்மறைப் பெயரெச்சம், மிகாது. கேட்டுச் சொன்னாள்: வினையெச்சம், முந்திய எழுத்து ட், மிகும். தின்று தீர்த்தது: வினையெச்சம், முந்திய எழுத்து ன் என்ற மெல்லினம், மிகாது. குடிதண்ணீர்: "குடி" இகரத்தில் முடிவதால் "குடித்தண்ணீர்" என்று எழுத மனம் போகும். ஆனால் இது வினையெச்சம் இல்லை. குடித்த, குடிக்கின்ற, குடிக்கும் தண்ணீர் என்று மூன்று காலத்துக்கும் விரியும் வினைத்தொகை இது. நன்னூல் வினைத்தொகையைக் காலம் கரந்த பெயரெச்சம் என்றே சொல்கிறது. பெயரெச்சம்போலவே இதிலும் ஒற்று மிகாது.