வெள்ளை லேஸை மஞ்சளாக்கும் பிளாஸ்டிக் உறை

போன மாதம் கானாடுகாத்தானில் ஓர் ஆச்சி, தன் அப்பத்தா காலத்து லேஸ் தலையணை உறைகளைக் காட்டினார். அமிலமற்ற டிஷ்யூ தாளில் ஒவ்வொன்றையும் அழகாகச் சுற்றியிருந்தார். அதற்கு மேல் ஜிப் வைத்த பிளாஸ்டிக் புடவை உறை! எனக்கு வயிறு எரிந்தது. இருபது வருடத்துக்கு முன் நான் செய்ததும் இதேதான்.

பிளாஸ்டிக் உறை

என் ஆயா கையால் பின்னிய லேஸ் வைத்த தலையணை உறைகள் ஆறு. தூசி படக்கூடாது என்று தாளில் சுற்றி, பிளாஸ்டிக்கில் போட்டு, பீரோவில் வைத்தேன். சில மழைக்காலம் கழித்துத் திறந்தால் வெளிப்பக்கம் முழுக்க மஞ்சள், உள்மடிப்பு மட்டும் வெள்ளை. பதறிப்போய் பிளீச்சில் ஊற வைத்தேன். மஞ்சள் போனது, கூடவே நூலின் பலமும் போனது. தண்ணீரிலிருந்து தூக்கும்போதே லேஸ் கிழிந்தது. மிஞ்சியது இரண்டுதான்.

பருத்திக்குள் எப்போதும் கொஞ்சம் ஈரம் இருக்கும். பிளாஸ்டிக் அதை வெளியே விடாது. ஐப்பசி மழையில் புழுக்கம் உள்ளேயே தங்கும். போதாக்குறைக்கு, பிவிசி உறை பழசாக ஆக அமில ஆவியை விடும். அந்த ஆவிக்கு மெல்லிய தாள் தடையே இல்லை.

எதனால் மஞ்சள் என்பதைக் கறை இருக்கும் இடத்தை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். பிளாஸ்டிக் உறை பட்ட பக்கம் மட்டும் என்றால் அதுதான் காரணம். கழுத்து, அக்குள் என்றால் வியர்வை. சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளி என்றால் இரும்புத் துருவா என்று பாருங்கள்.

சரி, மேலுறைக்கு என்ன செய்வது? பழைய வெள்ளை வேட்டி போதும். கஞ்சி முழுக்கப் போகும்வரை நாலைந்து முறை அலசி, நன்றாகக் காயவைத்து, பை மாதிரி தைத்துக்கொள்ளுங்கள். காற்று போய்வரும், தூசி நுழையாது. உள்ளே தாளைக் கசக்கி உருளையாக்கி ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் வையுங்கள். மடிப்பு கூர்மையாக விழக்கூடாது, ஏனென்றால் நூல் முதலில் அறுவது அங்கேதான். பருத்திக்குக் கால்சியம் கார்பனேட் சேர்த்த தாள் நல்லது. பட்டு கலந்திருந்தால் அது சேர்க்காத தாள்தான்.

கஞ்சி, நீலம்

எடுத்து வைக்கும் துணிக்கு இரண்டும் கூடாது. கஞ்சி இருந்தால் இராமபாணப் பூச்சி தேடி வரும்.

தேக்குப் பெட்டகம்

பர்மா தேக்கானாலும் மரம் அமில ஆவி விடும். துணி நேராக மரத்தில் படக்கூடாது.

ஒரே மடிப்பு

மழை ஓய்ந்த மாசியில் பிரித்து, வேறு இடத்தில் மடித்து வையுங்கள். தாளும் நாளாவட்டத்தில் அமிலத்தை உறிஞ்சிக்கொள்ளும். பழுப்பேறும்வரை காத்திருக்காமல் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். மிஞ்சிய அந்த இரண்டையும் நான் இப்படித்தான் வைத்திருக்கிறேன். இந்த மாசியிலும் பிரித்துப் பார்த்தேன், புதிதாக மஞ்சள் ஏறவில்லை.