கேதம் கேட்கப் போகும்போது என்ன பேசுவது?

ஊருக்கு வந்ததும் முதல் வேலை இதுதான். நாம வெளிநாட்டில் இருந்தபோது தவறியவங்க வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிக்கணும். அதை முடிக்காமல் அதே சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய் நின்றால் பேச்சு வரும். செவ்வாய், வெள்ளியில் கேதம் கேட்பதைச் சில வீடுகளில் விரும்ப மாட்டார்கள், அதனால் முதல் நாளே ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மேலூர்ப் பக்கம் உங்கள் பெரியப்பா தவறி மூணு மாசம் ஆச்சு என்று வையுங்கள். வாசலில் யாரும் "வாங்க" என்று சொல்லாமல் இருக்கலாம், அது கோபமில்லை, துக்கம் கேட்க வந்தவரை அப்படி வரவேற்பதில்லை. நேராகப் பெரியம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, "பெரியப்பா முகத்தைக் கடைசியா ஒருதடவை பார்க்க முடியாமப் போச்சே பெரியம்மா" என்று சொன்னால் போதும். அப்புறம் "எப்படி ஆச்சு?" என்று கேளுங்கள். அவர் ஏற்கெனவே பத்துப் பேரிடம் சொல்லியிருப்பார், உங்களுக்கும் போனிலேயே எல்லாம் தெரிந்திருக்கும், இருந்தாலும் காலையில் காபி குடித்ததிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் முழுசாகச் சொல்வார், குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். விசாரிப்பது என்றால் அதுதான்.

"ஆழ்ந்த இரங்கல்" எல்லாம் போஸ்டருக்குத்தான், வாயால் சொன்னால் கட்சிக்காரர் பேசுவது மாதிரி இருக்கும். வெறும் "சாரி பெரியம்மா"வும் ஒட்டாது. "செத்துட்டாங்க" வேண்டவே வேண்டாம். தவறிட்டாங்க, இல்லைன்னா காலமாயிட்டாங்க. "அழாதீங்க, மனசைத் தேத்திக்கோங்க" என்பது பெரியவர்கள் சின்னவர்களுக்குச் சொல்வது, நீங்கள் அவருக்குச் சொல்லக் கூடாது. "எண்பது வயசு, கல்யாணச் சாவுதானே" என்று அவர் வயசுக்காரர் யாராவது சொல்லிக்கொண்டிருப்பார், நீங்கள் சும்மா தலையாட்டினால் போதும்.

பெரியம்மா மகன், உங்களுக்குத் தம்பி முறை, அவனிடம் இந்த இழுவை தேவையில்லை. தோளில் கைவைத்து, "லீவு கிடைக்கலைடா, வந்திருக்கணும். அம்மாவைப் பார்த்துக்கோ, எதுன்னாலும் கூப்பிடு" என்றால் முடிந்தது. வயதில் மூத்த அண்ணன் என்றால் "டா"வை விட்டுவிடுங்கள், "தைரியமா இரு" என்றும் சொல்லாதீர்கள்.

கிளம்பும்போது "போயிட்டு வர்றேன்" சொல்லக் கூடாது. பெரியம்மா கையை ஒருதடவை அழுத்திவிட்டு எழுந்து வந்துவிடலாம். பையில் இருக்கிற சாக்லேட்டை அன்றைக்கு வெளியே எடுக்காதீர்கள், இன்னொரு நாள் பிள்ளைகளிடம் கொடுத்துக்கொள்ளலாம்.

பெரியப்பாவுக்குப் பெங்களூரில் படிக்கிற பேத்தி இருந்தால், அவளுக்கு வாட்ஸ்அப்பில் இங்கிலீஷிலேயே எழுதலாம், அவளுக்கு அதுதான் சுலபம். ஆனால் "ஆர்ஐபி" என்று மூன்றெழுத்தோடு நிறுத்தாமல், "ஐ ஆம் சோ சாரி அபவுட் தாத்தா" என்று தாத்தாவைத் தாத்தாவாகவே வைத்து, அவர் உங்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த மாதிரி ஏதாவது ஒன்றைச் சேர்த்து எழுதுங்கள். அதே மெசேஜைப் பெரியம்மா இருக்கிற குடும்பக் குரூப்பில் போட வேண்டாம்.