சராசரியை அனுப்பி மாட்டிக்கொண்டேன்

ஸ்பான்சர் வீடியோ வெளியான ஏழாம் நாள் பிராண்டுக்கு ரிப்போர்ட் அனுப்பினேன்: பார்வைகள், சராசரியாகப் பார்த்த அளவு 42%, கமென்ட் 212. "எங்கள் பகுதியை எத்தனை பேர் பார்த்தார்கள்?" என்று ஒரே வரியில் பதில் வந்தது. நியாயமான கேள்விதான்.

ஒவ்வொரு நொடியிலும் எத்தனை சதவீதம் பேர் பார்த்தார்கள் என்று காட்டும் ரிடென்ஷன் வரைபடத்தைத் திறந்து, விளம்பரம் தொடங்கும் 2:10-இல் கர்சரை வைத்தேன்: 61%. முடிவதற்குச் சற்று முன் 3:05-இல் 48%. அதாவது விளம்பரத்தின் தொடக்கத்தில் இருந்தவர்களில் சுமார் 79% அளவுக்குக் கடைசிவரை ஆள் இருந்தது. விளம்பரம் முடிந்ததும் கோடு 52%-க்கு ஏறியிருந்தது. சிலர் தள்ளிவிட்டுத் தாண்டியிருக்கிறார்கள். சங்கடம்தான், ஆனாலும் அதையும் எழுதினேன்.

கமென்ட்டில் பொருளைப் பற்றியவை 19 மட்டுமே. விலை அதிகம் என்று சொன்ன 6 கமென்ட்டையும் மறைக்காமல் ஸ்கிரீன்ஷாட்டில் சேர்த்தே அனுப்பினேன். அப்புறம் பிராண்டிலிருந்து கேட்டது அந்த ஆறைப் பற்றித்தான்.