காலிபின் ஒரு ஷேரைத் தமிழாக்குவது எப்படி: ‘க்யா ஹை’ முதல் ‘தான் என்ன’ வரை

உருது கஜலைத் தமிழாக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது கடினமான பாரசீகச் சொற்களில் அல்ல. அவற்றுக்கு அகராதி உண்டு. அடியின் கடைசியில் திரும்பத் திரும்ப வரும் இரண்டு எளிய சொற்களில்தான் தடுமாறுகிறார்கள். அதனால் ஒரே ஒரு ஷேரை, அதாவது ஓர் ஈரடியை, எடுத்துக்கொண்டு தொடக்கம் முதல் முடிவு வரை செய்து பார்ப்போம். மிர்ஸா காலிபின் (1797–1869) புகழ்பெற்ற கஜல் ஒன்றின் முதல் ஷேர் இது:

தில்-எ-நாதான் துஜே ஹுவா க்யா ஹை
ஆகிர் இஸ் தர்த் கீ தவா க்யா ஹை

படி 1: கடைசியிலிருந்து படியுங்கள்

ஷேரைக் கையில் எடுத்ததும் பொருளைத் தேடாதீர்கள். இரண்டு அடிகளின் முடிவையும் பாருங்கள். மாறாமல் வரும் ‘க்யா ஹை’ என்பது ரதீஃப். அதற்குச் சற்று முன்னால் ஒரே ஓசையில் முடியும் ‘ஹுவா’, ‘தவா’ என்ற சொற்கள் காஃபியா. நம் யாப்பில் இதற்கு நெருக்கமான உறவு இயைபு. எதுகையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். எதுகை அடியின் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்தில் ஒலிப்பது, காஃபியா அடியின் முடிவுக்கு ஒரு படி முன்னால் ஒலிப்பது.

இந்த ஷேர் கஜலின் வாசல், மத்லா. மத்லாவில் மட்டும் ரதீஃப் இரண்டு அடியிலும் வரும். அடுத்து வரும் ஷேர்களில் இரண்டாம் அடியில் மட்டும் வந்தால் போதும். ஆகவே மத்லாவுக்கு நீங்கள் தேர்ந்தெடுக்கும் தமிழ் ரதீஃப், முழு கஜலுக்கும் நீங்கள் போடும் ஒப்பந்தம். இங்கே அவசரப்பட்டால் ஐந்தாவது ஷேரில் மாட்டிக்கொள்வீர்கள்.

படி 2: சொல்லுக்குச் சொல் எழுதுங்கள்

அழகைப் பற்றிக் கவலைப்படாமல் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே பொருளை எழுதுங்கள்.

தில்: நெஞ்சு. நாதான்: அறியாத, விவரம் புரியாத. துஜே: உனக்கு. ஹுவா க்யா ஹை: என்ன ஆகியிருக்கிறது. ஆகிர்: இறுதியில், பேச்சில் ‘அப்படி என்னதான்’ என்ற தொனி. இஸ் தர்த் கீ: இந்த வலியின். தவா: மருந்து. க்யா ஹை: என்ன.

இப்போது ஒன்று கண்ணில் படும். முதல் அடியின் ‘ஹை’ ஒரு வினையின் வால். ‘ஹுவா ஹை’ என்ற வினைக்கு நடுவே ‘க்யா’ புகுந்திருக்கிறது. இரண்டாம் அடியின் ‘ஹை’ வெறும் ‘இருக்கிறது’. ஒலி ஒன்று, இலக்கண வேலை வேறு. திரும்ப வரும் சொல் சலிக்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தமிழிலும் ஓர் அடியில் வினையோடும் மறு அடியில் பெயரோடும் ஒட்டக்கூடிய ரதீஃப்தான் நமக்கு வேண்டும்.

படி 3: ரதீஃபை முதலில் முடிவு செய்யுங்கள்

நான்கைந்து வாய்ப்புகளை எழுதி, ஒவ்வொன்றையும் இரண்டு அடியிலும் பொருத்திப் பாருங்கள்.

‘என்ன இருக்கிறது’ என்பதுதான் சொல்லுக்குச் சொல் சரியானது. ‘இந்த வலிக்கு மருந்து என்ன இருக்கிறது’ என்று இரண்டாம் அடியில் நிற்கவும் செய்கிறது. முதல் அடியில் ‘உனக்கு ஆகி என்ன இருக்கிறது’ என்று வைத்தால் தமிழே இல்லை. ‘யாது’ தேர்வுத்தாள் கேள்வி போல ஒலிக்கிறது. ‘என்னவோ’ போட்டால் கேள்வியின் முனை மழுங்கி, ‘யாருக்குத் தெரியும்’ என்ற அலுப்பு வந்துவிடுகிறது. காலிபின் குரல் அலுக்கவில்லை, பதில் கேட்கிறது.

‘என்ன’ மட்டும் வைத்தால்? ‘உனக்கு நேர்ந்தது என்ன’, ‘வலிக்கு மருந்து என்ன’. பொருள் சரி, தமிழும் சரி. வாய்விட்டுச் சொல்லும்போதுதான் குறை தெரியும். குற்றியலுகரத்தை அடுத்து உயிர் வந்தால் உகரம் மறையும். நாக்கு ‘நேர்ந்ததென்ன’, ‘மருந்தென்ன’ என்றே சொல்லும். காஃபியாவாக ஒலிக்க வேண்டிய ‘து’ ரதீஃபுக்குள் கரைந்துபோகிறது. எழுத்தில் தெரியும் இயைபு காதில் விழாது.

இதற்கு வழி, இடையே உயிர்மெய்யெழுத்தில் தொடங்கும் ஒரு சொல்லை வைப்பது. ‘ஆகிர்’ கையோடு அதைக் கொண்டுவந்திருக்கிறது. அகராதியைப் பார்த்து ‘இறுதியில் இந்த வலிக்கு மருந்து என்ன’ என்று எழுதுவது தொடக்கக்காரர்கள் அடிக்கடி செய்யும் பிழை. அந்த இடத்தில் ஆகிர் காலத்தைச் சொல்லவில்லை, பொறுமை இழந்த அன்பைச் சொல்கிறது. தமிழில் அந்த வேலையைச் செய்வது ‘தான்’: ‘உனக்கு என்னதான் ஆச்சு?’ என்று வீட்டில் கேட்கும் அதே தான். எனவே ரதீஃப் ‘தான் என்ன’. ‘நேர்ந்ததுதான் என்ன’, ‘மருந்துதான் என்ன’: உகரம் மறையவில்லை, காஃபியா காதில் விழுகிறது, ஆகிரின் தொனியும் வந்துவிட்டது.

இதற்கு ஒரு விலை உண்டு. மூலத்தில் அந்தப் பொறுமையின்மை இரண்டாம் அடியில்தான் எழுகிறது. நம் வடிவத்தில் முதல் அடியிலேயே தொடங்கிவிடுகிறது. ரதீஃப் கிடைப்பதற்காக இதைக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. ஆனால் கொடுத்திருக்கிறோம் என்று தெரிந்தே கொடுக்க வேண்டும்.

‘து’ மிக எளிதான இயைபு இல்லையா என்று கேட்கலாம். எளிதுதான். மூலத்தின் காஃபியாவும் வெறும் ‘ஆ’ என்ற நெடில் முடிவு. உருதுவில் எங்கும் கிடைப்பது. மூலம் தளர்வாக இருக்கும் இடத்தில் நாமும் தளர்வாக இருப்பதுதான் பொருத்தம்.

படி 4: படிமத்தைக் காப்பாற்றுங்கள்

இந்த ஷேரின் படிமம் சிறியது: நோயாளியின் கட்டிலருகே ஒருவர் நிற்கிறார், நோயாளி அவருடைய நெஞ்சேதான். அதைத் தாங்குவது தர்த், தவா என்ற இரண்டு சொற்கள். ‘இந்தத் துயரத்துக்குத் தீர்வு என்ன’ என்று எழுதினால் கருத்து வந்துவிடும், கட்டில் போய்விடும். ‘தீர்வு’ என்றதும் அது கணக்கு, தகராறு, பேச்சுவார்த்தை. மருந்து மருந்தாகவே இருக்கட்டும். தர்துக்கு ‘வலி’ பொருந்தும். ‘நோவு’ இன்னும் பொருந்தும். உடலுக்கும் உள்ளத்துக்கும் ஒரே சொல் அது.

‘தில்’ என்றதும் ‘இதயம்’ என்று எழுதக் கை போகும். நிறுத்துங்கள். தமிழில் கவிதை கூப்பிட்டுப் பேசுவது நெஞ்சை. திருக்குறளில் ‘நெஞ்சொடு கிளத்தல்’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அதன் முதல் குறள் (1241):

நினைத்தொன்று சொல்லாயோ நெஞ்சே எனைத்தொன்றும்
எவ்வநோய் தீர்க்கும் மருந்து

நெஞ்சு, நோய், மருந்து மூன்றும் அங்கே இருக்கின்றன. அடுத்த குறள், அவரிடம் காதல் இல்லாதபோது நீ வருந்துவது ‘பேதைமை’ என்று நெஞ்சிடம் சொல்லி, ‘வாழி’ என்று வாழ்த்தியும் முடிக்கிறது. ‘நாதான்’ என்பதற்கு இதைவிட நல்ல வழிகாட்டி கிடைக்காது. முட்டாள், மூடன், மடையன் எல்லாம் வசை. நாதான் என்பது உலகம் தெரியாத குழந்தையைச் சொல்வது போன்ற சொல். ‘பேதை’ அந்தக் கனிவைத் தாங்கும்.

குறளிடமிருந்து சொல்லை வாங்கலாம், தொனியை வாங்கக் கூடாது. குறளில் தலைவி நெஞ்சிடம் மருந்து கேட்கிறாள். காலிபிடம் நோயாளியே நெஞ்சுதான். ‘எவ்வநோய்’ போன்ற பழஞ்சொல்லைக் கொண்டுவந்தால், பேச்சுமொழிக்கு மிக அருகில் இருக்கும் இந்த ஷேர் திடீரென்று உரை எழுத வேண்டிய செய்யுளாகிவிடும். மூலத்தில் பெரும்பாலான சொற்கள் தினப்பேச்சுச் சொற்கள்.

படி 5: அடியை நிறுத்துங்கள்

மூலத்தின் ஒவ்வொரு அடியும் பத்து அசை: தி-லெ-நா-தான், து-ஜே-ஹு-வா, க்யா-ஹை. கடைசி இரண்டு நெடில்களும் ரதீஃப். அந்தச் சந்தத்தை அப்படியே தமிழில் கொண்டுவர முயன்றால் சொற்கள் முறியும். இரண்டு அடியும் சம எண்ணிக்கைச் சீராக இருந்தால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேதைநெஞ்சே, உனக்கு நேர்ந்ததுதான் என்ன
இந்த நோவுக்கு மருந்துதான் என்ன

அடிக்கு நான்கு சீர். ‘பேதைநெஞ்சே’ என்று சேர்த்து எழுதியது ‘தில்-எ-நாதான்’ ஒரே மூச்சில் சொல்லப்படுவதால். முதல் அடி வாயில் சற்று நீளம்தான். அதைச் சமன்செய்ய இரண்டாம் அடியில் ‘இனி’ சேர்க்கத் தோன்றும்: ‘நோவுக்கு இனி மருந்துதான் என்ன’. ஓசை நிரம்பும், ஆனால் ‘இனி’ வந்ததும் நம்பிக்கை இழந்த குரல் ஆகிவிடும். இடம் நிரப்ப வந்த சொல் மனநிலையை மாற்றினால் அதை எடுத்துவிடுங்கள். மூலத்தில் தர்த், தவா என்று ஒலிக்கும் தகரம் நமக்குக் கிடைக்கவில்லை. நெஞ்சே, நேர்ந்தது, நோவு என்ற நகரம் அதன் இடத்தில் நிற்கிறது.

படி 6: வேறு ஷேரில் சோதியுங்கள்

ரதீஃப் தாங்குமா என்று தெரிய, அதே கஜலில் இன்னொரு ஷேரை எடுங்கள்:

ஹம் கோ உன் ஸே வஃபா கீ ஹை உம்மீத்
ஜோ நஹீன் ஜான்தே வஃபா க்யா ஹை

தமிழ் வாக்கியம் இயல்பாக இதைத் திருப்பிப்போடும்: ‘விசுவாசம் என்றால் என்னவென்று அறியாதவர்களிடம் விசுவாசத்தை எதிர்பார்க்கிறோம்.’ இலக்கணம் சுத்தம், ஆனால் இரண்டாம் அடியில் வெடிக்க வேண்டியது முதலிலேயே வெளியாகிவிட்டது, ரதீஃபும் நடுவில் புதைந்துவிட்டது. உருதுவின் ‘ஜோ’ போல, சொன்ன பெயரைப் பின்னால் விளக்கும் சொல் நம்மிடம் இல்லை. நம் பெயரெச்சம் முன்னால்தான் நிற்கும். எனவே ஒரு வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள்:

விசுவாசத்தை அவர்களிடம் எதிர்பார்த்திருக்கிறோம்
அவர்களோ அறியார், விசுவாசம் என்பதுதான் என்ன

வஃபா இரண்டு அடியிலும் வருவதால் விசுவாசமும் இரண்டு முறை வர வேண்டும். இரண்டாவதற்கு ‘பற்று’ என்று மாற்றினால் அடி தளர்ந்துவிடும்.

இன்னொன்று: ‘மைன் பீ மூன்ஹ் மே ஸபான் ரக்தா ஹூன் / காஷ் பூச்சோ கி முத்தஆ க்யா ஹை.’ இங்கே ‘முத்தஆ’ என்பதை ‘நோக்கம்’ என்று பெயர்ச்சொல்லால் பெயர்த்தால் ‘நோக்கம்தான் என்ன’ என்று வந்து காஃபியா அறுந்துபோகும். அதே பொருளை வினையாக்கிச் சொன்னால் ‘து’ தானாகவே வந்து சேரும்:

என் வாயிலும் ஒரு நாக்கு இருக்கிறது
கேட்கக் கூடாதா, நான் சொல்ல வந்ததுதான் என்ன