பனியில் தெரியும் ஒட்டு: ஜெனரேட்டிவ் ஃபில்லில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்காடு லேடீஸ் சீட்டிலிருந்து எடுத்த மூடுபனிப் படத்தில் குறுக்கே ஓடும் மின்கம்பியை ஃபோட்டோஷாப்பின் AI கருவியான ஜெனரேட்டிவ் ஃபில் எளிதாக அழித்துவிடும். ஆனால் கம்பி போன இடம் சில சமயம் லேசாகக் கறுத்து, ஒட்டுப் போட்டது போலத் தெரியும். உடனே வெளிச்சத்தைத் திருத்தும் Curves எடுத்துத் திருத்தத் தொடங்குவதுதான் பலரும் செய்யும் தவறு. காரணம் ஒன்றல்ல என்பதால் மருந்தும் ஒன்றல்ல.

ஃபில் தரும் துண்டு அசல் பிக்சல்களின் நகல் அல்ல. கருவிக்குப் பின்னாலுள்ள AI மாடல் படத்தைச் சுருக்கி உள்வாங்கி, மறுபடி வரைந்து தருகிறது. அதில் வெளிச்சம் ஓரிரு படி விலகுவது சகஜம். 8 பிட்டில் ஒரு சேனலுக்கு 256 படிகள் உண்டு. மூடுபனியோ 180க்கும் 200க்கும் நடுவிலேயே அடங்கிவிடக்கூடும். 2000 பிக்சல் அகலத்தில் 20 படிகள் என்றால் ஒரு படிக்கு 100 பிக்சல். காப்பிச் செடிகளுக்குள் இரண்டு படி விலகினால் யார் கண்ணிலும் படாது. பனியில் ஓரமே கோடாகத் தெரியும்.

ஆகவே முதலில் இரண்டு மூன்று மாற்று வடிவங்களை உருவாக்கி, ஒட்டின் இருபுறமும் Info பேனலில் எண்களைப் பாருங்கள். விலகல் வடிவத்துக்கு வடிவம் மாறினால் அது மாடலின் கைவரிசை. எல்லாவற்றிலும் ஒரே திசையில், ஒரே அளவில் இருந்தால், எந்த எண் எந்த நிறம் என்று தீர்மானிக்கும் நிறவெளியைச் சந்தேகிக்க வேண்டும்.

இத்தகைய மாடல்கள் பெரும்பாலும் sRGB, 8 பிட் படங்களில் பயின்றவை. உங்கள் கோப்பு ProPhoto RGB, 16 பிட் என்றால் நடுவே மாற்றம் நடந்தாக வேண்டும். கோப்பின் நிறவெளியைச் சொல்லும் ப்ரொஃபைல் வழியில் தவறிப்போனால் என்ன ஆகும்? ProPhotoவில் 128 என்ற சாம்பல், sRGBயில் ஏறக்குறைய 146. மாற்றாமல் 128 என்றே படித்தால் பனி கண்கூடாக இருண்டுவிடும். Assign Profile எண்களை அப்படியே விட்டுப் பொருளை மட்டும் மாற்றுகிறது. Convert to Profile தோற்றத்தைக் காத்து எண்களை மாற்றுகிறது. முன்னதை வைத்து ஒட்டைச் சரிசெய்யப் பார்ப்பது வீண்வேலை. சாம்பல் பொருந்தி, அடர்சிவப்புப் பூ மட்டும் வெளிறினால் அந்த நிறம் sRGBக்குள் அடங்கவில்லை என்று பொருள்; அந்தப் பூவைத் தேர்வுக்கு வெளியே விட்டுவிடுங்கள்.

இணையத்துக்கோ ஆல்பத்துக்கோ போகும் படம் என்றால், ஒரு நகலை Convert to Profile மூலம் sRGBக்கு மாற்றிவிட்டு ஃபில் செய்வதே என் வழக்கம். ஆனால் 16 பிட்டை 8 ஆகக் குறைக்க வேண்டாம். 16 பிட் கோப்பு, மாடல் தராத படிகளைத் துண்டுக்குள் கொண்டுவராது. ஆனாலும் பின்னால் செய்யும் திருத்தங்களில் பனி பட்டை பட்டையாகப் பிளக்காமல் காக்கும். மாடலின் விலகலுக்கு, அந்த லேயருக்கு மட்டும் கிளிப் செய்த Curves போதும். பிறகு அசலின் அளவுக்குச் சற்று நாய்ஸ் சேர்த்து, எல்லாவற்றுக்கும் மேலே செங்குத்தான ஒரு தற்காலிக Curves வைத்து ஓரத்தைப் பாருங்கள். அதிலும் கோடு தெரியாவிட்டால் பிரிண்டுக்கு அனுப்பலாம்.